வெள்ளிக்கிழமை விளக்கு எத்தனை மணிக்கு?

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. கொல்கத்தாவில் ஒரு யூதக் குடும்பம் ஷபாத் விளக்கை ஏற்றியிருக்க வேண்டிய நேரம் மாலை 4.39. மும்பையில் இருக்கும் அவர்கள் உறவினருக்கு அது 5.48. இரண்டு ஊரிலும் சுவரில் மாட்டியிருப்பது ஒரே இந்திய நேரம்தான். ஒரே நாள், ஒரே சட்டம், ஒரே மந்திரம். இடைவெளி மட்டும் 69 நிமிடம். அதே ஆண்டு ஜூன் 21-ம் தேதியும் வெள்ளிக்கிழமைதான். அன்று இந்த இடைவெளி 55 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. ஏன் 69, ஏன் 55 என்று பார்த்துக்கொண்டே போனால் ஷபாத் நேரக் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும்.

யூதர்களுக்கு நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை. மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிகிறது. வேதாகமத்தின் படைப்புக் கதையில் ஒவ்வொரு நாளும் முதலில் சாயங்காலம், பிறகு விடியற்காலம் என்ற வரிசையில்தான் சொல்லப்படுகிறது. அதனால் சனிக்கிழமை ஓய்வுநாளான ஷபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே வந்துவிடுகிறது. ஓய்வு என்றால் வேலைக்குப் போகாமல் இருப்பது மட்டுமல்ல. அன்று வீடுகளில் நெருப்பு மூட்டக்கூடாது என்று யாத்திராகமம் 35-ம் அதிகாரம் நேரடியாகவே சொல்கிறது. ஏற்கெனவே எரிகிற விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். புதிதாக ஒன்றை ஏற்றக்கூடாது.

மின்சாரம் இல்லாத காலத்தில் இதன் பொருள் மிகவும் நேரானது. சூரியன் போவதற்குள் விளக்கேற்றாத வீடு, அந்த இரவு முழுக்க இருட்டில் கிடக்கும். இருட்டில் சாப்பாடு ருசிக்காது, ஒருவர் மீது ஒருவர் தடுக்கி விழுவார்கள், வீட்டில் நிம்மதி இருக்காது. அதனால்தான் பழைய ரபிகள் வெள்ளி மாலை விளக்கைக் கட்டாயக் கடமையாக்கினார்கள். வழக்கமாக வீட்டின் பெண்தான் அதை ஏற்றுகிறாள். திரியைப் பற்றவைத்து, கண்களைக் கைகளால் மூடி, ஆசி வாக்கியத்தைச் சொல்லிக் கண் திறக்கும்போது அவளைப் பொறுத்தவரை ஷபாத் தொடங்கிவிட்டது. மெழுகுவத்திதான் வேண்டும் என்பதில்லை; எண்ணெயும் திரியும் போதும். கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரயேல் யூதர்கள் எண்ணெய் ஆட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அக்கம்பக்கத்தார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும்தான் பின்னால் பம்பாய்க்குக் குடியேறினார்கள்.

சூரியன் மறைவதுதான் எல்லை என்றால், அந்த நொடியிலேயே ஏற்றினால் என்ன? இங்கேதான் சட்டம் எச்சரிக்கையாகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபின்பும் நல்ல வெளிச்சம் இருக்கிறது. மூன்று நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியும்போது இரவு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மறைவுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள நேரம் பகலா, இரவா? தால்முத் அதைத் தீர்க்கமுடியாத ஐயமாகவே விட்டுவைக்கிறது. பெரிய கட்டளை ஒன்றில் ஐயம் வந்தால் கடுமையான பக்கம்தான் நிற்கவேண்டும். ஆகவே ஐயம் தொடங்குவதற்கு முன்பே, வேலைநாளிலிருந்து கொஞ்சம் நேரத்தை எடுத்துப் புனித நாளோடு சேர்த்துவிடுகிறார்கள்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது பழங்காலத்தில் நிமிடக் கணக்கில் இல்லை. வெள்ளி மாலை ஆறு முறை கொம்பு ஊதப்படும் என்று தால்முத் விவரிக்கிறது. முதல் ஒலிக்கு வயலில் இருப்பவர்கள் வேலையை நிறுத்துவார்கள். இரண்டாவதுக்குக் கடைகள் அடைபடும். மூன்றாவதுக்கு விளக்கு ஏற்றுவார்கள். பிறகு ஒரு சின்ன மீனைச் சுட்டெடுக்கிற நேரம் காத்திருந்து, கடைசி மூன்று ஒலிகளையும் சேர்த்து ஊதினால் ஷபாத் வந்துவிட்டது. எனக்கு இந்த மீன் அளவு மிகவும் பிடித்திருக்கிறது. கடிகாரம் இல்லாத ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அளவு அதுதானே. எருசலேம் ஆலயம் இருந்த நாட்களில், கோபுர உச்சியில் ஒரு குரு நின்று எக்காளம் ஊதி ஷபாத்தின் வரவையும் முடிவையும் அறிவிப்பார் என்று முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். 1968-ல் தொல்லியலாளர் பெஞ்சமின் மஸார் ஆலய மலையின் தென்மேற்கு மூலையில் அகழ்ந்தபோது, மேலேயிருந்து உடைந்து விழுந்த ஒரு கல் கிடைத்தது. எக்காளம் ஊதும் இடத்தைக் குறிக்கும் எபிரேய எழுத்துகள் அதில் வெட்டப்பட்டிருந்தன.

இன்று அந்த மீன் சுடும் நேரம் பெரும்பாலான ஊர்களில் 18 நிமிடமாக நிலைத்திருக்கிறது: அட்டவணையில் காணும் விளக்கு நேரம், சூரிய மறைவுக்கு 18 நிமிடம் முந்தியது. எருசலேமில் 40 நிமிடம், ஹைஃபாவில் 30 நிமிடம் என்பது அந்தந்த ஊர் வழக்கம். எருசலேமில் அந்த நேரத்துக்குச் சைரன் ஒலிக்கும். 18 என்பது கடைசி எல்லை அல்ல, பாதுகாப்பு வேலி. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து நிமிடம் தாமதமானால், மறைவுக்கு இன்னும் நேரம் இருப்பதால், ஏற்றிவிடலாம். ஆனால் சூரியன் மறைந்தபின் ஏற்றக்கூடாது. ஏற்றாமல் இருப்பது ஒரு தவறவிட்ட கடமை. மறைந்தபின் ஏற்றுவது ஷபாத்தையே மீறுவது. அப்படி ஒரு வாரம் தவறவிட்ட பெண், அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றிவரும் வழக்கமும் உண்டு.

ஆக, 18-ஐக் கழிப்பது எளிது. கழிக்கவேண்டிய எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேர அட்டையை ஊர் ஊராகத் தனித்தனியே அச்சிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கலின் பாதி ஏற்கெனவே தெரியும்.

மும்பையையும் கொல்கத்தாவையும் எடுத்துக்கொள்வோம். மும்பை கிழக்குத் தீர்க்கரேகை 72.8 பாகையில் இருக்கிறது, கொல்கத்தா 88.4-ல். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் எடுக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் பதினைந்தரைப் பாகை. அதாவது 62 நிமிடம். கொல்கத்தாவின் தலைக்கு மேல் வந்த சூரியன் மும்பைக்கு வர 62 நிமிடம் ஆகும். நம் கடிகாரம் இதைக் கண்டுகொள்வதில்லை. அது 82.5 பாகை ரேகையின் நேரத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கி வைத்திருக்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. இந்திய பொது நேரம் 1906-ல் வந்தபின்பும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் சொந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. கல்கத்தாவின் மேகன் டேவிட், பம்பாயின் கெனெசெத் எலியாஹு ஆகிய இரண்டு ஜெப ஆலயங்களும் 1884-ல் கட்டப்பட்டவை. அந்தக் காலத்தில் ஊர்க் கடிகாரம் ஊர்ச் சூரியனோடு நடந்தது. அன்று இரண்டு ஊர் விளக்கு நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், வித்தியாசம் ஏழு நிமிடத்தைத் தாண்டியிருக்காது. 62 நிமிடம் சூரியன் உண்டாக்கியதல்ல, பொதுக் கடிகாரம் உண்டாக்கியது.

அந்த ஏழு நிமிடம் வேறு விஷயம். அது அட்சரேகையிலிருந்து வருகிறது. மும்பை நிலநடுக்கோட்டிலிருந்து 19 பாகை வடக்கே, கொல்கத்தா 22.6 பாகை வடக்கே. வடக்கே போகப்போகக் குளிர்காலப் பகல் குறைகிறது, கோடைப் பகல் நீள்கிறது. டிசம்பரில் கொல்கத்தாவின் பிற்பகல் மும்பையைவிட ஏழு நிமிடம் குட்டை. கிழக்கே இருப்பதால் 62, வடக்கே இருப்பதால் 7, கூட்டினால் 69. ஜூனில் அதே கொல்கத்தாவின் பிற்பகல் ஏழு நிமிடம் நெட்டை. 62-ல் 7 போனால் 55. தொடக்கத்தில் பார்த்த இரண்டு எண்களும் இங்கிருந்துதான் வந்தன.

இப்போது மும்பைக்கு டிசம்பர் 20-ன் நேரத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம். முதலில் கடிகாரப்படி அங்கே உச்சிப்பொழுது எப்போது? 82.5-லிருந்து 72.8 வரை 9.7 பாகை, நான்கால் பெருக்கினால் சுமார் 39 நிமிடம். ஆகவே உச்சி 12.39. ஆனால் சூரியன் கடிகாரம் போல ஒரே சீராக நடப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இவற்றால் சூரியன் சில மாதங்களில் முந்துகிறது, சில மாதங்களில் பிந்துகிறது. டிசம்பர் 20 அன்று அது இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக முந்தியிருக்கும். கழித்தால் உச்சி 12.36.

அடுத்து, உச்சியிலிருந்து மறைவு வரை எவ்வளவு நேரம்? அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 பாகையில் நிற்கிறது. பள்ளிக்கூட முக்கோணவியல் இங்கே போதும். 19-ன் டான்ஜென்ட் 0.344, 23.4-ன் டான்ஜென்ட் 0.433. பெருக்கினால் 0.149. எந்தக் கோணத்தின் கோசைன் 0.149 என்று பார்த்தால் 81.4 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 5 மணி 26 நிமிடம். இதோடு நான்கு நிமிடம் சேர்க்கவேண்டும். காரணம் இரண்டு. நாம் மறைவு என்பது சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு போவதை, நடுப்புள்ளி போவதை அல்ல. தவிர, காற்று மண்டலம் ஒளியை வளைத்து, உண்மையில் கீழே போய்விட்ட சூரியனையும் கொஞ்ச நேரம் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து முக்கால் பாகைக்குச் சற்று மேல். ஆக 5 மணி 30 நிமிடம். 12.36-உடன் கூட்டினால் சூரிய மறைவு 6.06. அதில் 18 கழித்தால் விளக்கு 5.48-க்கு.

இந்தக் கணக்கில் சூரியன் முந்துவதும் பிந்துவதும் சின்ன விஷயம் போலத் தெரியும். நவம்பரைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அதே 2024-ல் நவம்பர் 22-ம் தேதி வெள்ளிக்கிழமை மும்பையில் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கே மறைந்துவிட்டது. ஆண்டின் மிகக் குட்டையான பகல் டிசம்பர் 21 வாக்கில்தான் வருகிறது. ஆனால் விளக்கை மிகச் சீக்கிரம் ஏற்றவேண்டிய வாரம் அதற்கு ஒரு மாதம் முன்பே வந்து போய்விடுகிறது. நவம்பர் கடைசியில் சூரியன் கடிகாரத்தைவிடக் கிட்டத்தட்ட 14 நிமிடம் முந்தி நிற்பதே காரணம். அதன்பின் பகல் குறைந்துகொண்டே போனாலும், உச்சிப்பொழுது அதைவிட வேகமாகப் பின்னால் நகர்கிறது. மாலையும் அதோடு பின்னுக்குப் போகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப்போக இந்த முரண் சுருங்கும். எருசலேமில் மாலை மிகச் சீக்கிரம் வருவது டிசம்பர் தொடக்கத்தில். லண்டனில் டிசம்பர் 12 வாக்கில்.

கொச்சி யூதர்களுக்கு இந்தப் பருவ மாற்றம் பெரிய தொந்தரவாக இருந்திருக்காது. 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கும் மட்டாஞ்சேரியில் டிசம்பர் 20-ன் விளக்கு நேரம் 5.51, ஜூன் 21-ன் நேரம் 6.30. ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. லண்டன் குடும்பத்துக்கு டிசம்பரில் அது பிற்பகல் 3.35; ஜூனில் இரவு 9.03. கோடையில் அங்கே கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதும் இந்த இடைவெளியில் சேர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் ஷபாத் கடைப்பிடிக்கும் லண்டன் ஊழியர் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால்தான் வீடு சேரமுடியும். பள்ளிகளும் அன்று சீக்கிரம் விடுகின்றன.

கோடையில் சிக்கல் வேறு. இரவு ஒன்பதுக்கு விளக்கேற்றி, பிறகு தொழுகை முடித்து, ஷபாத் விருந்துக்கு உட்காரும்போது குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். இதற்குச் சட்டமே ஒரு வழி விட்டிருக்கிறது. ஷபாத்தைச் சீக்கிரமே வரவேற்கலாம், ஆனால் கண்டபடி சீக்கிரமாக அல்ல. பகலைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தால், மறைவுக்கு முன் ஒன்றேகால் பங்கு மிச்சமிருக்கும் நேரம்தான் கீழெல்லை. ஜூனில் லண்டன் பகல் 16 மணி 38 நிமிடம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பங்கு 83 நிமிடம். ஒன்றேகால் பங்கு 104 நிமிடம். 9.21-க்கு மறையும் சூரியனிலிருந்து பின்னோக்கிப் போனால் 7.37. அதற்குமேல் எப்போது ஏற்றினாலும் விளக்கு ஷபாத் விளக்காக ஏற்கப்படும். அதற்கு முன் ஏற்றினால் அது வெறும் விளக்கு. அதனால்தான் கோடையில் வட நாடுகளின் அட்டவணைகளில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நேரம் காணப்படும்.

இன்று யாரும் உட்கார்ந்து டான்ஜென்ட் பெருக்குவதில்லை. அட்டவணை ஜெப ஆலயச் சுவரில் இருக்கிறது, கைபேசியில் இருக்கிறது. பிழை நேர்வது கணக்கில் அல்ல, கணக்குக்குக் கொடுத்த விவரங்களில். பக்கத்து நகரத்தின் அட்டவணையை நம்புவது, கோடை நேரம் மாறிய முதல் வாரத்தில் பழைய தாளைப் பார்ப்பது, கைபேசி இன்னும் புறப்பட்ட ஊரிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது ஆகியவைதான் வழக்கமான வழிகள். சரிபார்க்க எளிய வழி உண்டு. அட்டவணை நேரத்தோடு 18-ஐக் கூட்டி, உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும் சூரிய மறைவு நேரத்தோடு ஒப்பிட வேண்டும். ஓரிரு நிமிடம் முன்பின் இருந்தால் அது வட்டமாக்கியதால் வந்தது. நல்ல அட்டவணைகள் முன்பக்கமாகத்தான் வட்டமாக்கும். இருபது நிமிட வித்தியாசம் இருந்தால் அது வேறு வழக்கத்தையோ வேறு ஊரையோ சேர்ந்தது. சரியாக ஒரு மணி நேரம் என்றால் கோடை நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சில நிமிட வித்தியாசத்துக்கு உண்மையான காரணமும் உண்டு: உயரம். மலைமேல் நிற்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும், சூரியன் தாமதமாக மறையும். எருசலேம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலான மலைகளில் இருக்கிறது. உயரத்தைக் கணக்கில் சேர்த்த அட்டவணையும் சேர்க்காத அட்டவணையும் அங்கே ஒத்துப்போவதில்லை. விளக்குக்கு எப்போதும் முந்திய நேரத்தை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

சனிக்கிழமை முடிவுக்கு நேர் எதிரான எச்சரிக்கை. அங்கே 18 போல ஒரு நிலையான எண்ணை நம்பமுடியாது, ஏனென்றால் மூன்று நட்சத்திரம் தெரிய எவ்வளவு நேரமாகும் என்பதும் ஊரைப் பொறுத்தது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எட்டரைப் பாகை இறங்கியதும் இரவு என்று பல அட்டவணைகள் கணக்கிடுகின்றன. மும்பையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் டிசம்பரில் அதற்கு 36 நிமிடம் போதும். லண்டனில் ஜூன் மாதச் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகச் சறுக்குகிறது. அதே எட்டரைப் பாகைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது. விளக்கேற்ற முந்துகிற குடும்பம், மறுநாள் அடுப்பைப் பற்றவைக்க அவ்வளவு நேரம் காத்திருக்கும்.

மேகம் மூடிய நாளில் பழைய ஆட்கள் என்ன செய்தார்கள்? ஊரில் இருந்தால் கோழி எப்போது கூட்டில் ஏறுகிறது என்று பார்க்கச் சொல்கிறது தால்முத். வயலில் இருந்தால் காகத்தைப் பார்க்கச் சொல்கிறது. துருவ வட்டத்துக்கு அப்பால் அதுவும் உதவாது. அங்கே கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மறைவதே இல்லை, குளிரில் எழுவதே இல்லை. 18-ம் நூற்றாண்டில் ரபி யாக்கோபு எம்டன் இதற்கு ஒரு வழி சொன்னார்: அப்படிப்பட்ட இடத்தில் அகப்பட்டவர் இருபத்துநான்கு மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணிக்கொண்டு, ஏழாவது நாளை ஷபாத்தாகக் கொள்ளவேண்டும். புறப்பட்ட ஊரின் சூரியனையே பின்பற்றலாம் என்று சொன்ன ரபிகளும் உண்டு. இந்தக் கேள்வி இன்னும் ஒரே விடையோடு முடியவில்லை. அதனால் கோடையில் நார்வேயின் வடகோடிக்குப் பயணம் போகிற ஆசாரமான யூதர்கள் பலர், வெள்ளிக்கிழமைக்குள் சூரியன் மறைகிற ஏதாவது ஓர் ஊருக்குத் தெற்கே இறங்கிவிடும்படி பயணத்தைத் திட்டமிட்டுக்கொள்கிறார்கள்.